சேலம்: வியாழக்கிழமை 6.5 லட்சம், வெள்ளிக்கிழமை 3.6 லட்சம். எதற்குப் பெயர் கொடுப்பது?

கருப்பூர்_மின்னியல்

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் இறுதியாண்டு மின்னியல் பொறியியல் படிக்கிறேன். அடுத்த வாரம் எங்கள் கல்லூரிக்கு இரண்டு நிறுவனங்கள் ஆள் எடுக்க வருகின்றன. வியாழக்கிழமை வருவது பெங்களூரில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம். ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வருவது ஓசூரில் ஆலைகளுக்கான கன்ட்ரோல் பேனல் செய்யும் நிறுவனம். அவர்கள் சொல்வது 3.6 லட்சம்.

எங்கள் கல்லூரியில் ஒருவருக்கு ஒரு வேலைதான். வியாழக்கிழமை தேர்வாகிவிட்டால் வெள்ளிக்கிழமை உட்கார முடியாது. அதனால் இப்போதே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். முதல் நிறுவனத்தில் இரண்டு ஆண்டு பாண்டு உண்டு, இடையில் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்கிறார்கள். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். 6.5 லட்சம் என்று கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்குத்தான் ஏதோ உறுத்துகிறது. எதை வைத்து எடைபோடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேங்கை_87

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? 6.5 எங்கே, 3.6 எங்கே? பாண்டைப் பார்த்துப் பயப்படாதே. பாண்டு எதுவும் நீதிமன்றத்தில் செல்லாது. யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. நல்ல வாய்ப்பு வந்தால் கிளம்பிக்கொண்டே இரு.

ஊதியப்பிரிவு_அக்கா

பன்னிரண்டு ஆண்டுகளாக மனிதவளத் துறையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். தம்பி, 6.5 என்பதும் 3.6 என்பதும் சி.டி.சி. நிறுவனம் உன் பெயரில் எழுதிக்கொள்ளும் மொத்தச் செலவு அது. உன் வங்கிக் கணக்கில் விழும் தொகை வேறு. இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட வழியே இல்லை, ஏனென்றால் எதை எதைச் சேர்த்து அந்த எண்ணை உருவாக்குவது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பம்.

உன் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இரண்டு நிறுவனங்களின் சம்பளப் பிரிப்பையும் கேள். 'அனெக்சர்' என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். கிடைக்காவிட்டால் சென்ற ஆண்டு அங்கே சேர்ந்த அண்ணன் யாரிடமாவது அவருடைய கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல். அது கைக்கு வந்ததும் இங்கே எழுது, சேர்ந்து பார்ப்போம்.

வேங்கை, பாண்டு பற்றி நீங்கள் சொன்னது பாதிதான் சரி. அதற்கும் வருகிறேன்.

ஆத்தூர்_அப்பா

என் மகளும் சென்ற ஆண்டு இப்படித்தான் தேர்வானாள். ஆகஸ்டில் தேர்வானவளுக்கு இன்னும் சேரும் தேதி வரவில்லை. படிப்பு முடிந்து வீட்டில் இருக்கிறாள். மின்னஞ்சல் அனுப்பினால் 'விரைவில் தெரிவிக்கிறோம்' என்றே பதில் வருகிறது. இதற்குக் கல்லூரி மீது வழக்குப் போட முடியுமா? இளைய மகனைப் பொறியியலில் சேர்க்கலாமா வேண்டாமா என்றும் சொல்லுங்கள்.

ஊதியப்பிரிவு_அக்கா

ஐயா, மகள் கையில் இருப்பது வேலை நியமனக் கடிதமா, 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று தலைப்பிட்டதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகையில் 'நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து' என்று ஒரு வரி இருக்கும், சேரும் தேதி இருக்காது. 'உங்களை எடுக்க நினைத்திருக்கிறோம்' என்பதைத் தாண்டி அதில் பெரிதாக எதுவும் இல்லை. கல்லூரி மீது வழக்குப் போட்டுப் பயன் இருக்காது. மகளை வேறு இடங்களுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் காலத்தில் இன்னோர் இடத்தில் சேர்வதை அந்தக் கடிதத்தைக் காட்டி யாரும் தடுக்க முடியாது. மகன் படிப்பைப் பற்றித் தனி இழை தொடங்கினால் பலரும் பதில் சொல்வார்கள்.

தம்பி, இந்த ஐயா சொன்னது உனக்கும் ஒரு கேள்வி. சென்ற ஆண்டு உன் கல்லூரியிலிருந்து தேர்வானவர்களில் எத்தனை பேர், எந்த மாதத்தில் உண்மையிலேயே வேலையில் சேர்ந்தார்கள்? 'எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்ற எண் பதாகையில் இருக்கும். சேர்ந்தவர் எண்ணிக்கையை நீதான் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

கருப்பூர்_மின்னியல்

அக்கா, இரண்டும் கிடைத்தன. பெங்களூர் நிறுவனத்தின் பிரிப்பை அங்கே சேர்ந்த சீனியர் அண்ணன் அனுப்பினார். அடிப்படைச் சம்பளம் மாதம் 15,000, வீட்டு வாடகைப்படி 7,500, சிறப்புப்படி 5,500. பிறகு ஆண்டுக் கணக்கில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 21,600, பணிக்கொடை 8,658, மருத்துவக் காப்பீடு 8,742. செயல்திறன் ஊக்கத்தொகை 75,000 வரை. 'ரிடென்ஷன் போனஸ்' 1,00,000. 'கற்றல் மற்றும் சான்றிதழ் பலன்' 1,00,000. எல்லாம் கூட்டினால் சரியாக 6,50,000 வருகிறது.

அடியில் சின்ன எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் ஆறு மாதம் பயிற்சிக் காலம், அப்போது மாதம் 12,000 உதவித்தொகை. ரிடென்ஷன் போனஸ் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு வழங்கப்படும்.

ஓசூர் நிறுவனத்தில் அடிப்படை 15,000 உள்பட மாதம் 26,500, முதல் மாதத்திலிருந்தே. நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 21,600, பணிக்கொடையும் காப்பீடும் சேர்த்து 20,400. வேறு எதுவும் இல்லை.

ஊதியப்பிரிவு_அக்கா

மிக நன்றாகக் கேட்டு வாங்கியிருக்கிறாய். இப்போது வெங்காயத்தை உரிக்கலாம்.

பெங்களூர் கடிதத்தில் மாதாமாதம் வரக்கூடியது 15,000, 7,500, 5,500 மட்டும்தான். ஆக 28,000. அதிலிருந்து உன் பி.எஃப். பங்கு, அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 1,800 போகும். தொழில் வரி 200 போகும். இந்தச் சம்பளத்துக்கு இப்போதைய விதிப்படி வருமான வரி வராது. கைக்கு வருவது 26,000. ஓசூரில் 26,500இல் இதே பிடித்தங்கள் போனால் 24,500. அதாவது 6.5க்கும் 3.6க்கும் இடையே மாதத்துக்கு 1,500 ரூபாய்தான் வேறுபாடு.

மற்ற தலைப்புகளைப் பார். பி.எஃப். பங்கு உன் பணம்தான், ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு. பணிக்கொடை ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் நிரந்தரப் பணியாளருக்குக் கிடைக்கும். காப்பீடு தேவைதான், ஆனால் செலவு செய்யக்கூடிய பணம் அல்ல. 'கற்றல் பலன்' என்று ஒரு லட்சம் போட்டிருக்கிறார்களே, அது அவர்கள் உனக்கு நடத்தும் பயிற்சிக்கு அவர்களே போட்டுக்கொண்ட விலை. அது உன் கணக்குக்கு வராது. இன்னும் கவனி: அந்தப் பயிற்சிக்குச் செலவழித்ததாகச் சொல்லித்தான் பாண்டும் கேட்கிறார்கள். ஒரே செலவைச் சம்பளத்திலும் காட்டி, உன் கடனாகவும் எழுதிக்கொள்கிறார்கள். சம்பளத் தாளில் என்னை மிகவும் கோபப்படுத்தும் வரி இதுதான்.

'75,000 வரை' என்பதில் 'வரை' என்ற சொல்லை விட்டுவிடாதே. சென்ற ஆண்டு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அந்த அண்ணனிடமே கேள்.

காலவாரியாகவும் போட்டுப் பார். பெங்களூரில் முதல் ஆண்டில் ஆறு மாதம் 12,000, ஆறு மாதம் 26,000. மொத்தம் 2,28,000. ஓசூரில் 2,94,000. முதல் ஆண்டில் 'சின்ன' நிறுவனம் 66,000 கூடுதலாகக் கொடுக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் பெங்களூர் 5,40,000, ஓசூர் 5,88,000. ஊதிய உயர்வு இரண்டிலும் சேர்க்கவில்லை. ஊக்கத்தொகையும் சேர்க்கவில்லை. அறை வாடகையை இருவருக்கும் நீயே விசாரித்துக் கழித்துக்கொள்.

பாண்டு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் கேள். பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டு என்றால் உண்மையில் அது இரண்டரை ஆண்டு. அதுவரை இருந்தால்தான் அந்த ஒரு லட்சம் போனஸ். அதைச் சேர்த்தால் பெங்களூர் 7,96,000, ஓசூர் 7,35,000. இரண்டரை ஆண்டு முடியும் நாளில்தான் அது முந்துகிறது.

வேங்கை_87

கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாண்டு பற்றி நான் சொன்னது எப்படிப் பாதி சரி? நான் விலகியபோது யாரும் எதுவும் கேட்கவில்லையே.

ஊதியப்பிரிவு_அக்கா

உங்களைக் கேட்காமல் விட்டது அவர்கள் முடிவு, சட்டம் அல்ல. யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் பணம் கேட்கலாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, மீறியவரிடமிருந்து நியாயமான இழப்பீடு பெறலாம். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தந்த தீர்ப்பைப் பாருங்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றே சொன்னது. அது பொதுத்துறை வங்கி, போட்டித் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவையும் அந்த அதிகாரியின் சம்பளத்தையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. மாதம் 12,000 கொடுத்துப் பயிற்சி தரும் தனியார் நிறுவனத்துக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. செல்லவே செல்லாது என்றும் இனிமேல் சொல்ல முடியாது.

தம்பி, தொகையை விட முறை முக்கியம். ஆறு மாதம் வேலை செய்தவருக்கும் இருபது மாதம் செய்தவருக்கும் ஒரே 2 லட்சமா, நாளாக ஆகக் குறைகிறதா? நிறுவனமே உன்னை நீக்கினால் யார் யாருக்குக் கொடுப்பது? இவை எழுத்தில் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்வோம் என்றாலோ, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துக் கேட்டாலோ அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடு. மற்ற எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் யோசிப்பேன், இதில் யோசிக்க மாட்டேன்.

ஏற்காடு_அடிவாரம்

நான் ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர். எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு வேலை என்ற விதி இல்லாவிட்டால் முதல் இருபது மாணவர்களே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பல கல்லூரிகளில், கையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு சம்பளம் தரும் நிறுவனம் பிறகு வந்தால் விதிவிலக்கு உண்டு. உங்கள் கல்லூரியில் உண்டா என்று கேளுங்கள்.

ஆனால் எல்லா மாணவர்களும் இப்படி அனெக்சர் கேட்டு, பாண்டில் திருத்தம் கேட்டு நின்றால், நிறுவனங்கள் அடுத்த ஆண்டு சேலத்துக்கே வராது. கோயம்புத்தூரோடு திரும்பிவிடும். இரண்டாம் நிலை ஊர்க் கல்லூரிகளின் கஷ்டம் வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை.

ஊதியப்பிரிவு_அக்கா

உங்கள் கஷ்டம் புரிகிறது சார். ஆனால் கேள்வி கேட்டதற்காகத் திரும்பிப் போகும் நிறுவனம் போகட்டும். இரண்டு மடங்கு விதிவிலக்கையும் சி.டி.சி.யை வைத்துத்தானே அளக்கிறீர்கள்? மாதச் சம்பளத்தை வைத்து அளந்தால் இந்த ஊதிப்பெருக்கும் வேலை பாதி குறையும்.

ஏற்காடு_அடிவாரம்

அளவுகோலை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆண்டறிக்கையில் மேலிடம் கேட்பது 'அதிகபட்ச சம்பளம் எவ்வளவு' என்ற ஒரே எண்தான்.

தணிக்கை_சூரமங்கலம்

கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இன்னொரு வழி சொல்கிறேன், காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

கடிதத்தில் இருக்கும் சட்டபூர்வமான பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பதாகையில் இருக்கும் விளம்பரப் பெயர் வேறாக இருக்கலாம். mca.gov.in தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால் 21 எழுத்தும் எண்ணுமான சி.ஐ.என். என்ற நிறுவனப் பதிவு எண் வரும். அதிலேயே பதிவான மாநிலமும் ஆண்டும் இருக்கின்றன. 'பதினைந்து ஆண்டு அனுபவம்' என்று மேடையில் சொல்பவரின் எண்ணில் 2021 இருந்தால் காரணம் கேட்கலாம்.

அடுத்து பி.எஃப். பணத்தை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் Establishment Search என்ற பக்கம். அதே பெயரைப் போட்டால், எந்த மாதத்துக்கு எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். ஒரு வாடிக்கையாளருக்காக நான் ஒருமுறை பார்த்தபோது, 'எண்ணூறு பொறியாளர்கள்' என்ற நிறுவனத்தில் அறுபத்துச் சொச்சம் பேருக்குத்தான் பணம் கட்டப்பட்டிருந்தது. அதை விட நான் பார்ப்பது தேதியை. ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு மூன்று மாதம் சேர்த்துக் கட்டும் நிறுவனத்தில் சம்பளமும் அப்படித்தான் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

இதற்கு எல்லையும் உண்டு. சொந்தமாக பி.எஃப். அறக்கட்டளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு இந்தப் பக்கம் முழுப் படத்தைக் காட்டாது. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை செய்பவர்கள் வேறு பெயரில் இருப்பார்கள். அதனால் எண்ணிக்கை குறைவாக இருப்பதை மட்டும் வைத்து ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர்_ஜெ

எல்லோரும் பெங்களூரையே நோண்டுகிறீர்கள். ஓசூரையும் பாருங்கள். தம்பி, அது வேலையா, அப்ரன்டிஸ் பயிற்சியா? நான் ஓர் ஆலையில் 'டிரெய்னி' என்று நினைத்துச் சேர்ந்தேன். அது 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் ஓர் ஆண்டுப் பயிற்சி என்று கையெழுத்துப் போடும் நாளில்தான் தெரிந்தது. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சட்டப்படி பயிற்சி முடிந்தவரை வேலைக்கு எடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

ஊதியப்பிரிவு_அக்கா

நல்ல கேள்வி. தம்பியின் பிரிப்பில் பி.எஃப். இருக்கிறது. அந்தச் சட்டப்படியான அப்ரன்டிஸுக்கு பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். ஆகவே இது வேலைதான் என்று தோன்றுகிறது. இருந்தாலும் பதவிப் பெயரை எழுத்தில் கேட்டு வாங்கிவிடு.

நெத்திமேடு_நிரலாளர்

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். பணத்தை மட்டும் இரண்டு ஆண்டுக்குப் போட்டுப் பார்ப்பது தவறு. மென்பொருளில் மூன்றாம் ஆண்டு நிறுவனம் மாறினால் சம்பளம் ஏறும் வேகம் வேறு. பேனல் நிறுவனத்தில் அப்படி ஏறுவது கடினம். ஆகவே நான் பெங்களூர்தான் என்பேன், ஒரு நிபந்தனையோடு: பயிற்சிக்குப் பிறகு என்ன வேலை கொடுப்பார்கள்? நிரல் எழுதுவதா, இரவுப் பணியில் வாடிக்கையாளரின் புகார்களைப் பதிவு செய்வதா? இரண்டும் கடிதத்தில் 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்றே இருக்கும். இரண்டாவது வேலையில் இரண்டரை ஆண்டு கழிந்தால் வெளியே நேர்முகத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த சீனியர் அண்ணனிடம் சம்பளம் கேட்டது போல, 'நேற்று அலுவலகத்தில் என்ன செய்தீர்கள்' என்று கேள்.

கருப்பூர்_மின்னியல்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த அண்ணனிடம் அரை மணி நேரம் பேசினேன். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியில் 31 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், இதுவரை 12 பேர் சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தேதி வரவில்லை. அண்ணனுக்கு ஊக்கத்தொகை 18,000 வந்திருக்கிறது. அவர் செய்வது சோதனைப் பிரிவில், வேறொருவர் எழுதி வைத்த படிகளை ஓட்டிப் பார்த்து முடிவை எக்செல் தாளில் நிரப்பும் வேலை. இரண்டு பேர் மட்டும் நிரல் எழுதும் குழுவுக்குப் போனார்களாம், பயிற்சியில் முதல் இடம் பிடித்தவர்கள்.

பாண்டு பயிற்சிக்குப் பிறகுதான் தொடங்குகிறது, தொகை குறைவதில்லை. சான்றிதழ் வாங்கவில்லை, அப்பாவின் ஜாமீன் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

Establishment Search பார்த்தேன். ஓசூர் நிறுவனம் 140 பேருக்கு மாதம் தவறாமல் 12, 13ஆம் தேதிகளில் கட்டியிருக்கிறது. பெங்களூர் நிறுவனத்திலும் எண்ணிக்கை அவர்கள் சொன்னதற்கு அருகில்தான் இருக்கிறது, ஆனால் தேதிகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன.

தணிக்கை_சூரமங்கலம்

எத்தனை மாதம் தாமதம்? எப்போதாவது ஒருமுறை என்றால் பெரிதாக எடுக்க வேண்டாம்.

கருப்பூர்_மின்னியல்

கடைசி ஓர் ஆண்டில் நான்கு மாதம். ஒருமுறை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே நாளில் கட்டியிருக்கிறார்கள்.

நெத்திமேடு_நிரலாளர்

31இல் 12 என்றால் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள்தான் வேண்டுமென்றால் இந்த நிறுவனத்துக்காக வியாழக்கிழமை உட்காராதே. பிப்ரவரி வரை வேறு நிறுவனங்கள் வரும், வெளியிலும் விண்ணப்பிக்கலாம்.

வேங்கை_87

நான் இன்னும் பெங்களூர் என்றே சொல்வேன். முதல் இரண்டு பேரில் ஒருவனாக வர முடியாதா என்ன? ஊர் பெரியது, பழக்கம் கிடைக்கும்.

ஊதியப்பிரிவு_அக்கா

வரலாம் வேங்கை. ஆனால் சேரும் தேதி வருவது அவன் கையில் இல்லை, அந்தத் தேதிக்காக மற்ற வாய்ப்புகளை அவன் விட வேண்டியிருக்கிறது. தம்பி, அப்பா ஜாமீன் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அந்தத் தாளின் பொருளை அவருக்கு முன்கூட்டியே விளக்கிவிடு. நீ கட்டாவிட்டால் அந்த 2 லட்சத்தை அவரிடம் கேட்கலாம்.

கருப்பூர்_மின்னியல்

அப்பாவிடம் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் 28,000, 26,500 என்ற இரண்டு எண்களை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு ஜாமீன் விஷயத்தைக் கேட்டார். வியாழக்கிழமைக்குப் பெயர் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பதிந்துவிட்டேன். ஓசூர் நிறுவனத்திடம் பதவிப் பெயரையும், முதல் ஆண்டு முடிவில் சம்பளம் எப்படி ஏறும் என்பதையும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதவி 'கிராஜுவேட் இன்ஜினியர் டிரெய்னி', ஓர் ஆண்டுக்குப் பிறகு நிரந்தரம் என்று பதில் வந்துவிட்டது. சம்பள உயர்வு பற்றி ஒரு வரியும் இல்லை.

மேட்டூர்_ஜெ

நேர்முகத்தின் கடைசியில் 'ஏதாவது கேட்க வேண்டுமா' என்பார்கள். அப்போது உயர்வைக் கேட்காதே, சென்ற ஆண்டு சேர்ந்த டிரெய்னிகள் இப்போது என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேள். அதற்கு எண்ணாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆத்தூர்_அப்பா

மகளின் தாளை எடுத்துப் பார்த்தேன் அம்மா. 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்றுதான் இருக்கிறது. இன்று மாலை வேறு இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சம்பளப் பிரிப்பை அனுப்பினால் நீங்கள் ஒருமுறை பார்ப்பீர்களா?

ஊதியப்பிரிவு_அக்கா

அனுப்புங்கள் ஐயா. பெயர், எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தை மட்டும் போடுங்கள்.